சிக்னல் சேனலின் துல்லியக் கணக்கை ஒரு கணக்கு வாத்தியார் சரிபார்த்த கதை

கேள்வி: "டெலிகிராமில் ஆப்ஷன் சிக்னல் தரும் ஒரு பிரீமியம் சேனலில் சேர மாதம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள். '85 சதவீதம் துல்லியம்' என்று தினமும் லாப ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். பென்ஷனில் இருக்கும் என் அப்பா சேர்ந்தே தீருவேன் என்கிறார். இதெல்லாம் உண்மையா பொய்யா என்று எங்களைப் போன்ற சாதாரண ஆட்களால் சரிபார்க்க முடியுமா?"

முடியும். நடத்துகிறவர் யார், போட்ட சிக்னல்கள் எல்லாம் சேனலில் அப்படியே இருக்கின்றனவா, அந்த 85 சதவீதம் எப்படி வருகிறது என்ற மூன்றையும் ஒரு போனும் ஒரு நோட்டும் பள்ளிக்கூடக் கணக்கும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். அவர்கள் மனதில் என்ன இருக்கிறது, அடுத்த மாதம் சிக்னல் பலிக்குமா என்பதை இப்படிப் பார்க்க முடியாது. மதுரையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் பல வருஷம் டீலராக இருந்தவன் நான். இந்த மாதிரி சேனல்களை நம்பிப் பணம் விட்டவர்கள் நிறையப் பேர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், தான் கட்டிய பணத்துக்கு விடையை முறையாகத் தேடினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் செய்ததைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும். ஊர், பெயர் வேண்டாம்.

2025-இல் அவர் அந்தச் சேனலில் சேர்ந்தார். முதலில் இலவசச் சேனல்தான். இரண்டு வாரம் பார்த்தார், போட்டதெல்லாம் பலித்தது. 'பிரீமியத்தில் இன்னும் நல்ல சிக்னல்' என்றார்கள். க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பினார்கள், 3,000 ரூபாய் கட்டினார். சேர்ந்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு சிக்னலையும், வந்த நேரத்தோடு ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். சந்தேகப்பட்டு எழுதவில்லை, எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு. பின்னால் எல்லாவற்றுக்கும் அந்த நோட்டுதான் ஆதாரமாக நின்றது.

மாதக் கடைசியில் சேனலில் ஒரு போஸ்டர் வந்தது. 92 சதவீதம் துல்லியம், ஆயிரத்துக்கு மேல் பாயிண்ட் லாபம் என்று போட்டிருந்தது. இவர் கணக்கிலோ பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. வாங்கிய, விற்ற விலைகளைக் காட்டித் தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டுகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "தம்பி, நான் கூட்டினதுல தப்பு இருக்கான்னு பாருங்க. அவங்க சொல்ற மாதிரிதான் வாங்கினேன், வித்தேன். அவங்களுக்கு லாபம், எனக்கு எப்படி நஷ்டம்?" என்றார். நான் பார்த்தேன். அவர் கூட்டல் சரி. "சார், கூட்டினதுல தப்பில்ல. அவங்க எதைக் கூட்டுறாங்கன்னு பார்க்கலாம்" என்றேன்.

முதலில் ஆள் யார் என்பது. பங்கு, ஆப்ஷன் பற்றி 'இதை வாங்கு, இந்த விலைக்கு விற்று வெளியே வா' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டுமானால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். 2014-இல் வந்த விதிமுறை அது. பதிவு எண் INH என்று தொடங்கும், பின்னால் ஒன்பது இலக்கம். முதலீட்டு ஆலோசகர் என்றால் INA. சார் சேர்ந்த சேனலின் முகப்பிலேயே ஒரு INH எண் இருந்தது, அதைப் பார்த்துத்தான் அவரும் நம்பினார். sebi.gov.in தளத்தில் Recognised Intermediaries என்ற பக்கத்துக்குப் போய், ரிசர்ச் அனலிஸ்ட் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினோம். எண் உண்மையானதுதான். ஆனால் அது வேறு மாநிலத்தில் உள்ள, வேறு பெயர் கொண்ட ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்ட எண். பட்டியலில் இருந்த மின்னஞ்சலுக்கு சாரே எழுதிக் கேட்டார். எங்களுக்கும் அந்தச் சேனலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பதில் வந்தது.

அதனால் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டியலில் உள்ள பெயர், மின்னஞ்சல், தொலைபேசி மூன்றும் உங்களிடம் பேசுகிறவரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேனலில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்காதீர்கள், பட்டியலில் இருக்கும் எண்ணுக்கே அழையுங்கள். பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். சார் கட்டிய 3,000 ஒரு தனிநபர் பெயரில் இருந்த யூபிஐ முகவரிக்குப் போயிருந்தது, அந்தப் பெயரும் பட்டியலில் இல்லை. அப்புறம் இன்னொன்று. பதிவு பெற்ற அனலிஸ்ட் காசு வாங்கும் வாடிக்கையாளரிடம் பான் எண் கேட்டு கேஒய்சி செய்ய வேண்டும், நிபந்தனைகளைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். சாரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, க்யூஆர் கோடு மட்டும்தான் வந்தது. இந்தப் பகுதியில் கிடைக்கும் விடையில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மற்ற சோதனை எதுவும் தேவையில்லை.

அதே சமயம், எல்லாம் ஒத்துப்போனாலும் சிக்னல் பலிக்கும் என்று ஆகாது. பதிவு என்பது அந்த ஆள் தகுதித் தேர்வு எழுதியிருக்கிறார், விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், தப்பு செய்தால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. பதிவு பெற்றவர்களின் விளம்பரத்திலேயே 'இந்தப் பதிவு லாபத்துக்கு உத்தரவாதம் ஆகாது' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். இவ்வளவு லாபம் நிச்சயம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் பதிவு பெற்றவராகவே இருந்தாலும் விதியை மீறுகிறார்.

இரண்டாவது, சேனலில் போடும் செய்திப் பதிவுகளின் கதை. டெலிகிராம் சேனலில் அட்மின் ஒரு பதிவை அழித்தால் 'அழிக்கப்பட்டது' என்ற தடயம் கூட நிற்காது. திருத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் edited என்று சின்னதாக வரும், அவ்வளவுதான், முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. ஆனால் ஒன்றை அட்மினால் மறைக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் சேனலுக்குள் ஒரு வரிசை எண் உண்டு. பதிவைத் தொட்டு Copy Link கொடுத்தால் கிடைக்கும் முகவரியின் கடைசியில் இருப்பது அந்த எண்தான். பொதுச் சேனலில் `t.me/சேனல்பெயர்/412` என்ற வடிவில் இருக்கும், தனிச் சேனலில் `t.me/c/` என்று தொடங்கி இதே மாதிரி முடியும். 412-க்கு அடுத்து 413 வர வேண்டும். அடுத்த பதிவின் எண் 415 என்றால் நடுவில் இரண்டு காணோம்.

சார் உட்கார்ந்து அந்த மாதம் முழுவதற்கும் எண்களை எழுதினார். விடுபட்ட எண்கள் நிறையவே இருந்தன. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எண் விடுபட்டிருந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. நான்கு படங்களை ஒன்றாகப் போட்டால் அது ஒரே பதிவு போலத் தெரியும், ஆனால் நான்கு எண்களை எடுத்துக்கொள்ளும். எழுத்துப்பிழைக்காக ஒன்றை அழித்து மறுபடி போட்டிருக்கலாம். இடைவெளி சொல்வது ஏதோ போயிருக்கிறது என்பதை மட்டும்தான். என்ன போயிருக்கிறது என்பதைச் சாரின் நோட்டுதான் சொன்னது. நோட்டில் அந்த மாதம் மொத்தம் 41 சிக்னல். அவற்றில் 33 சிக்னல், முதல் டார்கெட்டை, அதாவது லாபத்தில் விற்கச் சொன்ன முதல் விலையைத் தொட்டவை. மீதி 8 ஸ்டாப்லாஸில், அதாவது நஷ்டம் மேலும் பெருகாமல் வெளியேறச் சொன்ன விலையில் போனவை. சேனலில் தேடிப் பார்த்தால் 36 சிக்னல்தான் இருந்தது. காணாமல் போன ஐந்தும் ஸ்டாப்லாஸில் போனவை. டார்கெட் தொட்டதில் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. 36-க்கு 33 என்று போட்டால் 92 சதவீதம் வருகிறது. போஸ்டரில் இருந்த எண் அதுதான். உண்மையில் 41-க்கு 33, அதாவது 80 சதவீதம்.

நோட்டு இல்லாமல் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. சில சேனல்களில் ஃபார்வர்டு, ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போதும் கையால் எழுதுவதை யாராலும் தடுக்க முடியாது. சிக்னல் வந்த உடனே எழுத வேண்டும், சாயங்காலம் மொத்தமாக எழுதலாம் என்று வைத்தால் அதற்குள் அழித்ததெல்லாம் நோட்டுக்கும் வராது.

போஸ்டரில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பாயிண்டையும் பார்த்தோம். 150 டார்கெட் கொடுத்த ஒரு சிக்னலுக்கு 'ஹை 171' என்று எழுதி, வாங்கிய விலையிலிருந்து 171 வரை முழுவதையும் லாபமாகக் கூட்டியிருந்தார்கள். தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் தளத்தில் ஒவ்வொரு நாளும் பவ்காப்பி என்ற கோப்பு வரும். டெரிவேட்டிவ் அறிக்கைகளில் F&O-UDiFF Common Bhavcopy என்ற பெயரில் இருக்கும், இலவசம்தான். அதில் அன்று வர்த்தகமான ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் அன்றைய உச்ச விலை HghPric என்ற பத்தியிலும் குறைந்த விலை LwPric என்ற பத்தியிலும் இருக்கும். அந்த நாள் கோப்பை எக்செலில் திறந்து அந்த ஆப்ஷனின் வரியைப் பார்த்தோம். உச்சமே 158 ரூபாய் சொச்சம்தான். 171 என்ற விலையில் அன்று அந்த ஆப்ஷன் ஒரு தடவைகூடக் கைமாறவில்லை. இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சொன்ன விலை உச்சத்துக்கு மேலே இருந்தால் அது பொய், மறுபேச்சில்லை. உச்சத்துக்குள் இருந்தால் அது உண்மை என்று ஆகிவிடாது, சிக்னல் வருவதற்கு முன்பே அந்த விலை வந்து போயிருக்கலாம். அதைப் பார்க்க ஒரு நிமிட சார்ட் வேண்டும்.

உச்ச விலை உண்மையாக இருந்த நாளிலும் அந்தக் கூட்டல் சாருக்குப் பொருந்தாது. முதல் டார்கெட் வந்ததும் 'பாதி லாபம் புக் செய்து, மீதியை விட்டுப் பிடியுங்கள்' என்று செய்தி வரும். சார் வாங்கியது ஒரே ஒரு லாட். ஆப்ஷனில் வாங்க, விற்க முடிகிற மிகச் சின்ன அளவே அதுதான், ஒரு லாட்டில் பாதியை விற்க முடியாது. முழுசாக விற்க வேண்டும், இல்லை முழுசாக வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் பல நாள் ஸ்டாப்லாஸில் போய் நிற்கும். சேனல் கணக்கில் அதுவும் 'டார்கெட் அச்சீவ்டு'தான். உங்கள் அப்பாவும் ஒரு லாட்டில்தான் தொடங்குவார், ஆகவே முதல் டார்கெட்டை மட்டும் வைத்துத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும்.

சரி, அழித்ததையும் மிகைப்படுத்தியதையும் கழித்துவிட்டாலும் 80 சதவீதம் இருக்கிறதே என்று சார் கேட்டார். பத்தில் எட்டு ஜெயித்தால் நல்லதுதானே? எல்லோரும் ஏமாறும் இடம் இது. எந்த விதியையும் மீறாமல், எதையும் அழிக்காமல், நேர்மையாக நடத்தும் சேனலிலும் இது அப்படியே இருக்கும். சாருக்கு வந்த சிக்னல்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருந்தன:

```
NIFTY 24800 CE
BUY ABOVE 120
TGT 125 / 135 / 150++
SL 90
```

நிஃப்டி குறியீட்டின் மீதான இந்த ஆப்ஷனை 120-க்கு வாங்க வேண்டும். 125 வந்தால் ஜெயித்தது, 90 வந்தால் தோற்றது. ஜெயிக்க 5 ரூபாய் ஏறினால் போதும், தோற்க 30 ரூபாய் இறங்க வேண்டும். விலை எந்தத் திசையில் போகும் என்று யாருக்குமே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 5 தூரத்தில் இருக்கும் கோட்டை அது முதலில் தொடுவதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், தூரங்களின் விகிதப்படி, 35-இல் 30 பங்கு. அதாவது ஏழில் ஆறு, கிட்டத்தட்ட 86 சதவீதம். சந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் அவருக்கு 86 சதவீதம் துல்லியம் வந்துவிடும். ஏழு தடவையில் ஆறு தடவை 5 கிடைக்கும், மொத்தம் 30. ஒரு தடவை 30 போகும். கையில் பூஜ்யம். உங்களுக்குச் சொன்ன 85 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் டார்கெட்டுக்கும் ஸ்டாப்லாஸுக்கும் இடையே உள்ள இந்தத் தூரம்தான்.

சார் இதைத் தாளில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார், ஆனால் ஏற்கவில்லை. "தேற்றம் சரி தம்பி. மார்க்கெட் அப்படி நடக்குதான்னு பார்க்கணும்" என்றார். வீட்டுக்குப் போய், காலை 9:30 முதல் மதியம் 2:30 வரை உள்ள நேரங்களைச் சின்னச் சீட்டுகளில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு, பேரனை எடுக்கச் சொன்னார். பேரன் 11:17 என்று எடுத்தால், சேனல் அன்று சொன்ன அதே ஆப்ஷனின் ஒரு நிமிட சார்ட்டில் 11:17 விலையைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 5 ரூபாய் ஏற்றம் முதலில் வருகிறதா, 30 ரூபாய் இறக்கம் முதலில் வருகிறதா என்று பார்ப்பார். இப்படி 35 சீட்டு. 29-இல் ஏற்றம் முதலில் வந்தது. ஏழாம் வகுப்புப் பையனின் துல்லியம் 83 சதவீதம். மாதம் 3,000 வாங்கிய சேனலுக்கு 80.

இதை வைத்து 'சேனலைவிடப் பேரன் கெட்டிக்காரன்' என்று சொல்ல முடியாது. 41 சிக்னல், 35 சீட்டு என்ற சிறிய எண்ணிக்கையில் இந்த மூன்று சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வரும். சேனல் கொஞ்சம் திறமைசாலியாகவே இருந்தாலும் இவ்வளவு சின்னச் சோதனையில் அது தெரியாமல் போகலாம். சீட்டுக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆப்ஷனின் விலை நேரம் போகப் போகத் தானே கரையும், சில நேரம் ஒரே தாவலில் பத்து ரூபாய் தாண்டும், ஆகவே ஏழில் ஆறு என்பது ஓர் அளவுகோல்தான், துல்லியமான விதி கிடையாது. ஒரே நிமிடத்துக்குள் டார்கெட், ஸ்டாப்லாஸ் இரண்டையும் விலை தொட்டிருந்தால் எது முதலில் வந்தது என்று ஒரு நிமிட சார்ட்டில் தெரியாது. அந்த மாதிரி வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். இத்தனைக்கும் பிறகு நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 80, 85 என்ற எண் அந்தச் சேனலிடம் திறமை இருப்பதைக் காட்டவில்லை. அதே டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் வைத்தால் சீட்டெடுத்து வாங்கியவருக்கும் அந்த எண் வரும்.

பணமாகப் போட்டால் இன்னும் தெளிவாகும். அப்போது நிஃப்டி ஒரு லாட் 75. 5 ரூபாய் ஏறினால் 375 ரூபாய். வாங்க 20, விற்க 20 என்று தரகு, அதோடு எஸ்டிடி என்ற வர்த்தக வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து சுமார் 65 போகும். கையில் 310. ஸ்டாப்லாஸில் போனால் 2,250-உம் கட்டணமுமாகச் சுமார் 2,310. 33 ஜெயிப்பில் 10,230 வந்தது, 8 தோல்வியில் 18,480 போனது. நிகரம் 8,250 ரூபாய் நஷ்டம், அதன் மேல் சேனல் கட்டணம் 3,000. சாருக்கு உண்மையில் போனது அதைவிட அதிகம். ஏனென்றால் 120-க்கு அவரால் வாங்க முடியவில்லை. சிக்னல் வந்த அதே நிமிடம் சேனலில் உள்ள அத்தனை பேரும் வாங்கப் பாய்வார்கள், இவர் பொத்தானை அழுத்தும்போது 122, 123 ஆகியிருக்கும். 123-க்கு வாங்கி 125-க்கு விற்றால் கட்டணம் போகக் கையில் நூறு ரூபாய் கூட மிஞ்சாது. சேனலோ அதையும் ஐந்து பாயிண்ட் என்றுதான் எழுதும். கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள உங்கள் விலைக்கும் சிக்னலில் உள்ள விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு பத்தி போட்டு எழுதினால் இது தானாகத் தெரிய வரும்.

இனி, உங்களால் சரிபார்க்க முடியாதவை. லாப ஸ்கிரீன்ஷாட் உண்மையா என்பதை ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கணினி பிரவுசரில் திறந்திருக்கும் பக்கத்தில் எண்ணை மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். படம் அசலாகவே இருந்தாலும் அது ஒரு கணக்கின் ஒரு நாள். இன்னொரு கணக்கில் எதிர்ப்பக்கம் வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று லாபம் காட்டும், அதை மட்டும் போடலாம். 2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் சமூக ஊடகத்தில் பிரபலமாக இருந்தவர்மீது செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது, 17 கோடி ரூபாய்க்கு மேல் முடக்கச் சொன்னது. லாபத்தையே காட்டிக்கொண்டிருந்த அவருடைய சொந்த வர்த்தகக் கணக்குகளில் இரண்டரை வருஷத்தில் சுமார் 2.9 கோடி ரூபாய் நஷ்டம் என்று அந்த உத்தரவில் இருந்தது. அது வெளியே வந்தது செபி கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைப் பொய் என்று உங்கள் அப்பாவிடம் வாதாடாதீர்கள். உண்மையோ பொய்யோ, அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இலவசச் சேனலில் தொடர்ந்து பலித்ததையும் இதே இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒருவர் 800 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஏறும் என்றும் பாதிப் பேருக்கு இறங்கும் என்றும் சொல்கிறார். தப்பாகப் போன பாதியை விட்டுவிட்டு, மீதியை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். ஐந்து சுற்று போனால், ஐந்தும் வரிசையாகப் பலித்ததைப் பார்த்த 25 பேர் மிஞ்சுவார்கள். அவர்களிடம் அப்புறம் கட்டணம் கேட்டால் யோசிக்காமல் கட்டுவார்கள். சாரின் சேனல் இப்படிச் செய்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. இலவசச் சேனலிலும் நஷ்டத்தை அழித்திருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாவிட்டாலும், நீங்கள் சேர்வதற்கு முன் நடந்ததை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சிக்னல் நல்லதாக இருந்தாலும் ஆப்ஷன் என்ற களமே எப்படிப்பட்டது என்பதற்குச் செபியின் ஆய்வு இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், ஆப்ஷனும் அடங்கிய பங்கு எஃப்&ஓவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். 2024-25-க்குப் பார்த்தபோது நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம். இதில் சிக்னல் கேட்டவர்கள் எத்தனை பேர், சொந்தமாகச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்களில் பிரிக்கவில்லை. ஆகவே சிக்னல் சேனல்களுக்கு எதிரான நேரடிச் சாட்சியாக நான் இதைக் காட்ட மாட்டேன். பென்ஷன் பணத்தை எந்த இடத்தில் இறக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

சார் இரண்டாவது மாதக் கட்டணம் கட்டவில்லை. முதல் மாதப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினார், சேனலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்தவரின் பதிவு எண்ணைப் போட்டு ஏமாற்றியதால் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுத்தார். அந்த எண்ணுக்கு உரிய நிறுவனத்துக்கும் விவரம் அனுப்பினார். 3,000 திரும்ப வரவில்லை. கட்டிய கையோடு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்திருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், மாதம் கழித்து அது கடினம். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில், scores.sebi.gov.in, புகார் கொடுக்கலாம், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பதிவே இல்லாத ஆளை அங்கே பிடிக்க முடியாது. முதலில் பதிவைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் அப்பாவிடம் சேராதே என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார் போலிருக்கிறது. பதிவு விவரம் ஒத்துப்போகவில்லை என்றால் அதைக் காட்டுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒத்துப்போனால், இலவசச் சேனலில் வரும் சிக்னல்களை வைத்தே ஒரு மாதம் பணம் போடாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சிக்னல் வந்த நேரம், பதிவின் வரிசை எண், அந்த நிமிடம் முடிந்தபோது இருந்த விலை, முதல் டார்கெட், ஸ்டாப்லாஸ், எது முதலில் வந்தது, கட்டணம் போக எவ்வளவு, இவ்வளவு இருந்தால் போதும். சிக்னலில் உள்ள விலையை எழுதாமல் நிமிடம் முடிந்த விலையை எழுதச் சொல்வதற்குக் காரணம், அவருக்குக் கிடைக்கப்போவது கிட்டத்தட்ட அந்த விலைதான். பக்கத்திலேயே சீட்டெடுத்த நேரத்துக்கும் அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். சார்ட்டை மட்டும் அன்றன்றே பார்த்துவிட வேண்டும். நிஃப்டி வார ஆப்ஷன் 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமை முடிகிறது. முடிந்துபோன ஆப்ஷனின் ஒரு நிமிட சார்ட் பெரும்பாலான தரகு ஆப்களில் அதன் பிறகு கிடைக்காது, பவ்காப்பியில் அன்றைய உச்சம், அடி போன்ற நாள் விலைகள் மட்டும்தான் மிஞ்சும்.